வாயிற்பலகையில் வீட்டை எழுதுங்கள், மனிதர்களை எழுதாதீர்கள்



நம் மஹல்லாக்களில் வீடு வைத்திருப்போர் வாயிற்கதவில் தொங்கவிடும் வாடகைப் பலகையைப் பற்றி இன்று பேச விரும்புகின்றோம். இது மார்க்கம் பேசும் இடம். இங்குப் பலகைக்கு என்ன வேலை என்று சிலர் எண்ணலாம். அந்தப் பலகையில் நம்மவர்கள் எழுதும் ஒரு வரியால் நம் மஹல்லாவைச் சேர்ந்த ஒரு விதவைச் சகோதரி, தமக்கு மிகவும் பொருத்தமான வீட்டைக் கண்முன் பார்த்துக்கொண்டே பல வாரம் அதைக் கடந்து சென்றார். அந்த வரி தவறானது என்பதும், அது வீட்டுக்காரருக்குமே பயனற்றது என்பதும் நம் வாதம்.

நிகழ்ந்ததை முதலில் கூறுகின்றோம். நாம் வசிப்பது சென்னையின் தென்புறநகர் ஒன்றில். நம் பள்ளிவாசலுக்கு மூன்று தெரு தள்ளி ஒரு சகோதரர் வீடு கட்டியிருக்கின்றார். பல்லாண்டு வளைகுடாவில் உழைத்துச் சேர்த்த பணத்தில் கீழ்த்தளத்தைத் தமக்கும் முதல் மாடியை வாடகைக்குமாக எழுப்பியவர். மாடி காலியானதும் கடையில் விற்கும் தகரப் பலகை ஒன்றை வாங்கி வந்தார். கறுப்பு நிறத் தகரத்தில் சிவப்பு எழுத்தில் ‘டூ-லெட்’ என்று அச்சிட்டு, எண் எழுத இடம் விட்டிருக்குமே, அந்தப் பலகைதான். எண்ணுக்கு மேலே தம் கையால் ஒரு வரியைச் சேர்த்தார்: ‘முஸ்லிம் குடும்பத்திற்கு மட்டும்.’

ஏழு வாரம் கழித்து ஒருநாள் இஷா தொழுகைக்குப் பின் நம்மிடம் வந்தார். “ஹஜ்ரத், துஆச் செய்யுங்கள். ஒரு நாளைக்கு ஒரு போனாவது வருகிறது, வீடு மட்டும் போக மாட்டேன் என்கிறது” என்றார். “துஆச் செய்வோம் பாய். யார் யார் அழைத்தார்கள் என்று முதலில் சொல்லுங்கள்” என்றோம். பள்ளிவாசல் திண்ணையில் அமர்ந்து, அவர் கைப்பேசியில் நினைவில் நின்ற முப்பத்தொரு அழைப்புகளை ஒவ்வொன்றாகப் பார்த்தோம்.

பன்னிரண்டு பேர் தரகர்கள். ஒன்பது பேர் “வாடகை எவ்வளவு?” என்று கேட்டுவிட்டு, தொகையைக் கேட்டதும் வைத்துவிட்டவர்கள். நான்கு பேர் “லீஸுக்குத் தருவீர்களா?” என்று கேட்டவர்கள். ஐந்து பேர் அருகிலுள்ள கல்லூரியில் படிக்கும் இளைஞர்கள்; குடும்பத்திற்கு மட்டும் என்று எழுதியிருக்கின்றதே என்றதற்கு, “நாங்களும் முஸ்லிம்தான் பாய், நாலு பேர் ஒரு குடும்பம் மாதிரிதான் இருப்போம்” என்றவர்கள். மீதமிருந்த ஒரே ஒரு குடும்பம் வீட்டைப் பார்க்க நேரில் வந்தது. குழாய் நீர் உப்பு என்பதையும் கார் நிறுத்த இடமில்லை என்பதையும் கண்டு திரும்பிச் சென்றது.

இந்தக் கணக்கைக் கூர்ந்து பார்த்தால் உண்மை விளங்கும். அழைத்த முப்பத்தொருவரில் எவரும் ‘முஸ்லிம்’ என்ற சொல்லால் வடிகட்டப்பட்டவர் அல்லர். தரகருக்கு அச்சொல் தடையன்று. மாணவருக்கும் தடையன்று. வாடகை கட்டுப்படியாகாதவரும் முஸ்லிமாகவே இருந்தார். அவர்களை வடிகட்டியிருக்கக் கூடியவை வாடகைத் தொகை, நீர், வாகன நிறுத்தம் ஆகியவை. அவற்றுள் ஒன்றுகூடப் பலகையில் இல்லை. பலகை வீட்டைப் பற்றி ஒரு சொல்லும் கூறவில்லை. வருபவரைப் பற்றி மட்டுமே கூறியது.

அந்த வரி வடிகட்டியது யாரை? நம் மாலை மதரஸாவில் ஓதும் இரு சிறுமியரின் தாயாரை. கணவரை இழந்து, இத்தா முடிந்து, அண்ணன் வீட்டில் ஓர் அறையில் இரு மகள்களுடன் இருந்தவர். தையல் வேலையும், கணவர் பணியாற்றிய நிறுவனத்திலிருந்து வந்த தொகையும் உண்டு. வாடகை கொடுக்க இயலாதவர் அல்லர். பிள்ளைகளை அழைத்துச் செல்ல நாள்தோறும் அந்த வாயிலைக் கடந்தே வந்தார். அவர் ஏன் அழைக்கவில்லை என்பதை நம் வீட்டார் பின்னர்க் கேட்டபோது அவர் சொன்ன விடை இது: “குடும்பத்துக்கு மட்டும்னு போட்டிருக்காங்களே, ஆம்பளை இல்லாத வீட்டை யாரு குடும்பம்னு சொல்லுவாங்க?”

நாம் இதை எழுதுவதற்குக் காரணம் இந்த விடைதான். முஸ்லிமாகவும், குடும்பமாகவும், வாடகை தரக்கூடியவராகவும், அமைதியானவராகவும் இருந்த ஒருவர் அந்தப் பலகையைப் படித்துவிட்டு ஒதுங்கிப் போனார். யாரைத் தடுக்க அவ்வரி எழுதப்பட்டதோ அவர்களெல்லாம் தயங்காமல் அழைத்தார்கள். ‘மட்டும்’ என்ற சொல்லின் இயல்பே இது. நாணம் உள்ளவர் அச்சொல்லைக் கண்டு விலகுவார், மற்றவர் விலகமாட்டார்.

நம்மவர்கள் சொல்லும் மறுப்பை நாம் அறியாதவர் அல்லோம். “நமக்கு வீடு கிடைப்பதே அரிதாகிவிட்டது. தெருத் தெருவாகச் ‘சைவம் மட்டும்’ என்று எழுதி நம்மைத் திருப்பி அனுப்புகின்றார்கள். நம் வீட்டையாவது நம்மவர்க்கு ஒதுக்கினால் என்ன தவறு?” என்பார்கள். இதில் வலியும் உண்டு, நியாயமும் உண்டு. நாமும் இந்நகருக்கு வந்த புதிதில் வீடு தேடி அலைந்தவர்களே. தொலைபேசியில் வாடகை பேசி முடித்து, நேரில் வரச் சொல்லி, தொப்பியையும் தாடியையும் பார்த்ததும் “இப்போதுதான் வேறு ஒருவருக்குச் சொல்லிவிட்டோம்” என்று கூறப்பட்ட வாயில்கள் பல. மறுவாரமும் அதே பலகை அங்கே தொங்குவதைக் கண்டிருக்கின்றோம்.

அந்த வலியை அறிந்த நாம் அதே வலியை வாயிலில் எழுதித் தொங்கவிடுவது எப்படிப் பொருந்தும்? ‘சைவம் மட்டும்’ என்ற பலகையைக் கடந்து செல்லும் முஸ்லிமின் உள்ளத்தில் என்ன எழுகின்றதோ, அதுவே ‘முஸ்லிம்களுக்கு மட்டும்’ என்ற பலகையைக் கடந்து செல்லும் பிற சமயத்தவரின் உள்ளத்திலும் எழும். அவர் வீடு தேடுபவராக இருக்க வேண்டும் என்பதில்லை. எதிர்வீட்டுக்காரராக, பால் போடுபவராக, பள்ளி செல்லும் பிள்ளையாக இருக்கலாம். அவர்கள் எல்லாரும் நம் அண்டை வீட்டார். அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அவர்கள் தம் வீட்டில் ஆடு அறுக்கப்பட்டபோது, அண்டையிலிருந்த யூதருக்குக் கொடுத்தீர்களா என்று திரும்பத் திரும்பக் கேட்டதையும், அண்டை வீட்டார் குறித்து நபி (ஸல்) அவர்கள் வலியுறுத்தியதை அதற்குக் காரணமாகக் கூறியதையும் ஹதீஸ் நூல்களில் நாம் ஓதுகின்றோம். ஓதியதை மதரஸாவுக்குள் வைத்துவிட்டு வாயிலில் வேறொன்றை எழுதலாகாது.

விருப்பம் கொள்வதை நாம் தடுக்கவில்லை. தம் வீட்டில் நம்மவர் குடியேறினால் நல்லது என்று ஒருவர் விரும்பினால் அதற்கு வேறு வழி உண்டு. பலகை மாட்டுவதற்கு ஒரு வாரம் முன்பே ஜமாஅத்துக்குச் சொல்லுங்கள். ஜுமுஆவுக்கு வரும் நண்பர்களிடம் சொல்லுங்கள். பெண்கள் பயான் நடக்கும் வீட்டில் உங்கள் வீட்டார் சொல்லட்டும். அந்தச் சகோதரி போன்றோரின் காதுக்குச் செய்தி போவது அந்த வழியில்தான். வாயிற்பலகை தெருவில் போகும் எல்லாருக்கும் உரியது. அதில் எல்லாரும் படிக்கத்தக்கதையே எழுத வேண்டும்.

“சரி, வீட்டில் மது அருந்துபவர் வந்துவிட்டால்?” என்று அச்சகோதரர் கேட்டார். நல்ல கேள்வி. ஆயின் அது நடத்தையைப் பற்றிய கேள்வி. வீட்டில் மது கூடாது என்பது உங்கள் நிபந்தனையானால், வீடு பார்க்க வருபவரிடம் நேரில் சொல்லுங்கள். வாடகை ஒப்பந்தத்தில் ஒரு வரியாக எழுதுங்கள். அதை ஏற்கும் எவரும் வரட்டும். பெயரால் முஸ்லிமாக இருப்பது அந்த நிபந்தனையை நிறைவேற்றிவிடாது என்பதை நாம் சொல்லித்தான் உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதில்லை.

இனி, பலகையில் எழுத வேண்டியவற்றுக்கு வருவோம். நாம் ஓதும் ஃபிக்ஹ் நூல்களில் வாடகையைப் பற்றிய பாடத்திற்கு ‘இஜாரா’ என்று பெயர். அப்பாடத்தின் தொடக்கத்திலேயே மூன்று செய்திகள் தெளிவாக இருக்க வேண்டும் என்று கற்பிக்கப்படுகின்றது. எந்தப் பயன் வழங்கப்படுகின்றது, அதற்குக் கூலி எவ்வளவு, காலம் எது. இவற்றுள் ஒன்று மறைவாக இருந்து அதனால் பின்னர்ப் பூசல் எழும் என்றால் ஒப்பந்தமே பழுதாகும். பலகை ஒப்பந்தமன்று; அது ஓர் அழைப்புத்தான் என்பதை அறிவோம். ஆனால் ஒப்பந்தத்தில் எவை தெளிவாக இருக்க வேண்டுமோ அவற்றை அறியவே மக்கள் அழைக்கின்றார்கள். அவற்றைப் பலகையிலேயே எழுதிவிட்டால், அறிந்த பின்னும் விரும்புபவர் மட்டுமே அழைப்பார். சரியானவர் அழைக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நேரான வழி இல்லை.

முதலாவது வாடகைத் தொகை. இதை எழுதச் சொன்னபோதுதான் அச்சகோதரர் மிகவும் தயங்கினார். “எழுதிவிட்டால் பேரம் போய்விடும் ஹஜ்ரத். இன்னும் கூடுதலாகத் தரக்கூடியவர் வந்தால்?” என்றார். ஏழு வாரம் காலியாகக் கிடந்த வீட்டுக்கு ஒன்றரை மாத வாடகைக்கு மேல் இழப்பு. அவர் எதிர்பார்த்த வாடகை 14,000 ரூபாய். இழந்தது 21,000 ரூபாய்க்கும் அதிகம். மாதம் 500 ரூபாய் கூடுதலாகத் தருபவர் ஒருவர் வந்திருந்தாலும் இந்த இழப்பை ஈடுகட்ட மூன்றரை ஆண்டு ஆகும். பேரத்தை எதிர்பார்த்து மறைத்த தொகை அவருக்கு ஈட்டித் தந்தது, வாடகையைக் கேட்டதும் வைத்துவிட்ட அந்த ஒன்பது அழைப்புகளைத்தான்.

தொகையை எழுதாததால் வந்த இன்னொரு தீங்கு, ‘லீஸுக்கு’ என்று கேட்டு வந்த நான்கு அழைப்புகள். இதைச் சற்று விரிவாகக் கூற வேண்டும். சென்னையில் ‘லீஸ்’ என்றும், தென்மாவட்டங்களில் ‘ஒத்தி’ என்றும், சில ஊர்களில் ‘போக்கியம்’ என்றும் வழங்கும் இம்முறையில், குடிவருபவர் சில லட்சம் ரூபாயை வீட்டுக்காரரிடம் மொத்தமாகக் கொடுப்பார். மாத வாடகை கிடையாது. காலம் முடிந்ததும் முழுத்தொகையும் திரும்பிவிடும். பார்வைக்கு இருவருக்கும் ஆதாயம்போலத் தோன்றும். ஆயின் திரும்பக் கொடுக்கப்பட வேண்டிய தொகை கடனாகும். அக்கடனைக் கொடுத்ததற்காகவே ஒருவர் வாடகையின்றி வீட்டில் வசிக்கின்றார். கடனுக்கு நிபந்தனையாகப் பெறும் பயன் வட்டியின் வகையைச் சேர்ந்தது என்று உலமாக்கள் எச்சரிப்பது இதனால்தான். பெரிய முன்பணத்தை வாங்கிக்கொண்டு பெயருக்குச் சிறு வாடகை வைப்பதும் அதே கதவின் வழியாகத்தான் நுழைகின்றது. நம் மஹல்லாக்களில் தொழுகையைத் தவறவிடாத பலர் தம் வாயிலில் ‘லீஸுக்கு விடப்படும்’ என்று எழுதியிருப்பதை நாம் கண்டிருக்கின்றோம். வங்கி வட்டியைத் தொடாதவர்கள் இதைப் பற்றி எவரிடமும் கேட்கவில்லை என்பதே வியப்பு. பலகையில் மாத வாடகையும் முன்பணமும் எண்ணால் எழுதப்பட்டிருந்தால், இப்பேச்சுக்கே இடமில்லை.

முன்பணத்தைப் பற்றியும் ஒரு சொல். சென்னையில் பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்பது பழைய வழக்கம். 2017-ஆம் ஆண்டு இயற்றப்பட்டு 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் வாடகைச் சட்டம், இருவரும் வேறுவிதமாக உடன்படாதவிடத்து, மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் பெறலாகாது என்கின்றது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும் என்றும் அது கூறுகின்றது. உடன்பாடு என்ற பெயரில் பத்து மாதம் கேட்க வழி இருக்கலாம். ஆனால் அத்தொகையை வாங்கி வீட்டு வேலைக்கோ திருமணத்துக்கோ செலவிட்டவர், குடித்தனக்காரர் காலி செய்யும் நாளில் திருப்பித் தர இயலாமல் “அடுத்தவர் வரட்டும், அவர் தரும் பணத்தில் தருகின்றேன்” என்பதை எத்தனை முறை கேட்டிருக்கின்றோம்! அது நம்மிடம் உள்ள பிறர் பணம். திருப்பித் தரக்கூடிய அளவையே கேளுங்கள். அதையே பலகையிலும் எழுதுங்கள். அந்த விதவைச் சகோதரிக்கு 14,000 ரூபாய் மாத வாடகை தடையாக இராது. 1,40,000 ரூபாய் முன்பணம் தடையாகும்.

இரண்டாவது, வீட்டின் குறை. நம்மவர்கள் அறவே எழுதாதது இதுதான். நபி (ஸல்) அவர்கள் கடைவீதியில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டு, உள்ளே ஈரத்தைக் கண்ட நிகழ்ச்சியை நாம் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகின்றோம். மழை பட்டுவிட்டது என்று வணிகர் கூறியபோது, மக்கள் காணும்படி ஈரத்தை மேலே வைத்திருக்க வேண்டாமா என்று அவர்கள் கேட்டார்கள். ஏமாற்றுபவர் நம்மைச் சார்ந்தவர் அல்லர் என்றும் எச்சரித்தார்கள். அந்த வணிகர் ஈரம் இல்லை என்று பொய் சொல்லவில்லை; ஈரத்தை அடியில் வைத்திருந்தார், அவ்வளவுதான். உப்பு நீரைப் பற்றி வாய் திறக்காத வீட்டுக்காரரும் பொய் சொல்வதில்லை, அடியில் வைக்கின்றார். குடிவந்த பிறகு கேன் தண்ணீருக்கு மாதந்தோறும் செலவாகும்போது ஈரம் கையில் படுகின்றது.

குறையை மேலே வைப்பதில் உலகியல் பயனும் உண்டு. ‘கார் நிறுத்த இடமில்லை’ என்று எழுதினால் கார் உள்ளவர் அழைக்கமாட்டார். அவர் அழைத்து, நேரம் குறித்து, நீங்கள் காத்திருந்து, அவர் வந்து பார்த்துத் திரும்புவது மிச்சமாகும். எல்லாக் குறைகளையும் பலகையில் எழுத இடமிராது. வந்து பார்த்ததும் ஒருவரைத் திருப்பி அனுப்பக்கூடியவை எவையோ அவற்றை மட்டும் எழுதினால் போதும். முன்பு வீடு பார்க்க வந்து திரும்பியவர்கள் சொன்ன காரணங்களை நினைவுகூருங்கள். பட்டியல் தானே கிடைக்கும். மற்றவற்றை நேரில் சொல்லுங்கள்.

மூன்றாவது, நம் குடும்பங்கள் உண்மையில் தேடுகின்ற, ஆனால் பலகையில் காணாத இரண்டு சொற்கள். ஒன்று ‘தனி வழி’. மாடிப்படி வெளியிலிருந்து ஏறுகின்றதா, வீட்டுக்காரரின் தாழ்வாரத்தின் வழியாக ஏறுகின்றதா என்பது பர்தா பேணும் பெண்களுக்கு மிக முக்கியம். பிற சமயக் குடும்பங்களுக்கும் அதில் விருப்பம் உண்டு. மற்றொன்று ‘தனி மின் இணைப்பு’. தனி இணைப்பு இருந்தால், வீட்டு மின்சாரத்திற்கு அரசு தரும் கட்டணச் சலுகை குடித்தனக்காரரைச் சேரும். ஒரே இணைப்பில் துணை மீட்டர் வைத்து, யூனிட்டுக்கு வீட்டுக்காரர் தாமே ஒரு விலை சொல்லும் வீடுகளில் அடிபட்டவர்கள் இச்சொல்லைக் கண்டால் நின்று படிப்பார்கள். உங்களிடம் தனி இணைப்பு இல்லையென்றால் அச்சொல்லை எழுதாதீர்கள்; யூனிட்டுக்கு எவ்வளவு வாங்குவீர்கள் என்பதை நேரில் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

இறுதியாக, தொலைபேசி எண்ணும் நேரமும். வீட்டில் இருப்பவர் என்பதற்காக மனைவியின் எண்ணையோ மகளின் எண்ணையோ தெருப் பலகையில் எழுதுவதை நிறுத்துங்கள். வீடு போன பின்னும் பல மாதம் அறிமுகமற்றவர் அழைப்பதும், வேண்டாத செய்தி அனுப்புவதும் நம் பெண்கள் சொல்லும் குறை. குடும்பத்தில் பொறுப்புள்ள ஓர் ஆணின் எண் இருக்கட்டும். தனித்து வாழும் பெண் வீட்டுக்காரரானால், உடன்பிறந்தாரின் எண்ணையோ இதற்கென்றே வாங்கிய தனி எண்ணையோ எழுதலாம். நேரத்தை ‘அஸருக்குப் பின்’ என்று எழுதினால் நமக்கு விளங்கும், பிறர்க்கு விளங்காது. கடிகார நேரத்தை எழுதுங்கள்.

மறுநாள் அச்சகோதரருடன் அமர்ந்து புதிய பலகைக்கு வாசகம் எழுதினோம். அது இவ்வாறு அமைந்தது:

வாடகைக்கு
முதல் மாடி, 2 படுக்கையறை, தனி வழி
மாதம் ரூ.14,000. முன்பணம் 3 மாதம்
தனி மின் இணைப்பு. ஆழ்குழாய் நீர், குடிக்க உதவாது
இருசக்கர வாகனத்துக்கு மட்டும் இடம் உண்டு
ஏப்ரல் 1 முதல் குடிவரலாம்
வீட்டு உரிமையாளர், தரகர் வேண்டாம்
அழைக்க: காலை 10 முதல் 12, மாலை 5 முதல் 6

இதன் கீழே அவரது எண். முதல் வரியும் வாடகைத் தொகையும் மற்றவற்றைவிடப் பெரிய எழுத்தில் இருக்கச் செய்தோம். எழுதி முடித்ததும் பலகையை வாயிலில் மாட்டி, அவரைத் தெருவின் எதிர்ப்பக்கம் நின்று படிக்கச் சொன்னோம். நீரைப் பற்றிய வரி அங்கிருந்து தெரியவில்லை. அதைப் பெரிதாக்கித் திரும்ப எழுதினோம். கடைத் தகரப் பலகையில் இத்தனை வரி அடங்காது; இரண்டடி அகலமுள்ள ஒரு பலகை வேண்டும். அதற்கு ஆகும் செலவு, வீடு காலியாகக் கிடக்கும் சில நாளின் இழப்பைவிடப் பெரிதாக இராது.

பதினெட்டு நாளில் பதினோரு அழைப்புகள் வந்தன. தரகர் வேண்டாம் என்று எழுதியும் இருவர் தரகர்களே. அவர்களை எந்தப் பலகையும் முழுதாகத் தடுக்காது. ஒருவர்கூட லீஸ் கேட்கவில்லை. நான்கு குடும்பங்கள் நேரில் வந்தன. வந்தவர் எவரும் நீரைப் பற்றியோ காரைப் பற்றியோ ஒரு சொல்லும் பேசவில்லை; அறிந்தே வந்திருந்தனர். அவர்களுள் ஒருவர், மருத்துவமனையில் செவிலியராகப் பணிபுரியும் கிறிஸ்தவப் பெண், தாயாருடன் இருப்பவர். சகோதரர் தயங்கி நம்மிடம் கேட்டார். “பாய், நிபந்தனைகளைச் சொன்னீர்களா?” என்றோம். “சொன்னேன். மது கூடாது என்றேன். ‘எங்கள் வீட்டில் அந்தப் பழக்கமே இல்லை’ என்று அந்த அம்மா சொன்னார்” என்றார். “அப்படியானால் உங்கள் தயக்கம் எதற்கு?” என்றோம். சிறிது நேரம் பேசாதிருந்துவிட்டு, வீட்டை அவர்களுக்கே கொடுத்தார்.

அந்த விதவைச் சகோதரி என்ன ஆனார் என்று கேட்பீர்கள். புதிய பலகை மாட்டப்படுவதற்குப் பத்து நாள் முன்பே அவர் இரண்டு கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு வீட்டை எடுத்துச் சென்றுவிட்டார். அதன் வாடகை இதைவிடக் குறைவன்று. அங்கிருந்து மாலையில் பிள்ளைகளை அழைத்து வர இயலவில்லை. மூத்தவள் அம்ம ஜுஸ்உவில் பாதியை மனனம் செய்திருந்தாள். இருவரும் இப்போது நம் மதரஸாவுக்கு வருவதில்லை.

அச்சகோதரரை நாம் குறை கூறவில்லை. அவர் கெட்ட எண்ணத்தோடு அவ்வரியை எழுதவில்லை. தெருவில் எல்லாரும் எழுதுவதை எழுதினார். ஆகவேதான் இதைப் பொதுவில் எழுதுகின்றோம். உங்கள் வாயிலிலும் ‘மட்டும்’ என்று ஒரு வரி தொங்கக்கூடும். இன்று அஸருக்குப் போகும்போது நின்று அதைப் படித்துப் பாருங்கள். யாரை எண்ணி அதை எழுதினீர்கள் என்று நினைத்துப் பாருங்கள். நாள்தோறும் அதைப் படித்துவிட்டுப் பேசாமல் கடந்து போகக்கூடியவர் யார் என்பதையும் நினைத்துப் பாருங்கள். பிறகு அவ்வரியை அழித்துவிட்டு, அந்த இடத்தில் வாடகையை எழுதுங்கள்.

வஸ்ஸலாம்.